இசிஜி அறிக்கையில் ஒரு வரி: டீச்சருக்கு மருத்துவர் எழுதிய கடிதம்

முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் பலருடைய இசிஜி தாளின் மேல் ஓரத்தில் ‘நான் ஸ்பெசிஃபிக் எஸ்.டி. அண்ட் டி வேவ் சேஞ்சஸ்’ என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அதைப் பார்த்ததும் மாரடைப்பு வந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. ஒன்றுமில்லை என்று தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுபவர்களும் உண்டு. 52 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு அவருடைய இதயநோய் மருத்துவர் எழுதிய விளக்கக் கடிதம் இது. பெயர், ஊர் போன்ற அடையாளங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

*

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாவது இசிஜியும் ரத்தப் பரிசோதனை முடிவும் கைக்கு வந்துவிட்டன. முதலில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: உங்களுக்கு மாரடைப்பு வரவில்லை. முதல் இசிஜியில் தெரிந்த மாற்றத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதைச் சரிசெய்ததும் மாற்றம் மறைந்தும் விட்டது. ஆனால் அந்த ஒரு வரி உங்களை ஒரு வாரம் கலங்க வைத்தது. மறுபடி எப்போதாவது அதே வரியைப் பார்க்க நேர்ந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓ.பி. நேரத்தில் நிதானமாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தாளில் இருப்பது என்ன?

இதயத் தசை சுருங்குவதற்கு முன் அதில் ஒரு சிறு மின்மாற்றம் பரவுகிறது. கை, கால், மார்பு என்று பத்து இடங்களில் ஒட்டிய மின்முனைகள் அதைத் தோலின் மேலிருந்தே பிடித்துப் பன்னிரண்டு கோணங்களில் வரைந்து காட்டுகின்றன. வரைபடத்தில் வரும் ஏற்ற இறக்கங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஐந்தோவன். இசிஜி கருவியை உருவாக்கியதற்காக 1924-ல் நோபல் பரிசு பெற்றவர். இந்த எழுத்துகள் எந்த நோயின் சுருக்கப் பெயரும் இல்லை. வரிசைக்காக வைத்தவை, அவ்வளவுதான்.

நடுவில் ஊசிபோல் உயரமாக எழுவது ஆர் அலை. இதயத்தின் கீழறைகள் சுருங்குவதற்கான மின்தூண்டல் பரவும்போது அது வருகிறது. அந்தத் தூண்டல் முடிந்ததும் சிறிது நேரம் கோடு மட்டமாக ஓடும். அதுதான் எஸ்.டி. பகுதி. அதன்பின் வட்டமான சிறு மேடாக எழுவது டி அலை. அடுத்த துடிப்புக்குத் தயாராக, தசைச் செல்கள் தங்கள் மின்நிலையை மீட்டுக்கொள்வதைக் காட்டுவது அது. ஆகவே உங்கள் அறிக்கை பேசியது இதயம் சுருங்குவதைப் பற்றி அல்ல. சுருங்கியபின் அது பழைய நிலைக்குத் திரும்பும் கட்டத்தைப் பற்றி.

இந்த மீளும் கட்டம் மிகவும் நொய்மையானது. தூண்டல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பரவி முடிந்துவிடும். மீள்வதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுவதும் செல்லின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகப் பொட்டாசியம் முதலான உப்புகள் சரியான வேகத்தில் போய்வர வேண்டும். உடம்பில் எது சற்று மாறினாலும் முதலில் தடுமாறுவது இந்த வேலைதான்.

இதயத்துக்கு ரத்தம் போதாமல் போனால் டி அலை மாறும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் மாறும். தைராய்டு மந்தமாக இருப்பது, பி.பி.யால் இதயச் சுவர் தடித்திருப்பது, டிகாக்ஸின் போன்ற சில மருந்துகள் என்று காரணங்கள் நீள்கின்றன. வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் எடுத்தாலும், பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டாலும்கூடச் சிலருக்கு டி அலை சற்றே தட்டையாகிவிடும். எல்லாக் காரணங்களும் தாளில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தைத்தான் தருகின்றன.

காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். தெர்மாமீட்டர் 100 டிகிரி காட்டினால் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று தெரியும். சளியா, டைபாய்டா, டெங்குவா என்று தெர்மாமீட்டருக்குத் தெரியாது. உங்கள் அறிக்கையின் வரியும் அப்படித்தான். எஸ்.டி. பகுதியிலும் டி அலையிலும் சிறு மாறுதல் இருக்கிறது, இன்ன காரணத்தால் என்று இந்தத் தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதே அதன் முழுப் பொருள்.

எவ்வளவு மாறினால் ‘சிறு மாறுதல்’?

இசிஜி தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர். உங்கள் முதல் தாளில் இடப்பக்க மார்பிலிருந்து எடுத்த வி5 கோணத்தில் ஆர் அலை 14 கட்டம் உயர்ந்திருந்தது. அந்தக் கோணத்தில் டி அலை, ஆர் அலையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் அளவு. உங்களுக்கு 1.4 கட்டமாவது வேண்டும். இருந்ததோ ஒரு கட்டத்துக்கும் குறைவு. வி4, வி6 கோணங்களிலும் அதேபோலத் தட்டையாக இருந்தது. எஸ்.டி. கோடு மட்டத்திலிருந்து அரைக் கட்டத்துக்கும் குறைவாகத் தாழ்ந்திருந்தது.

மாரடைப்பு என்று சந்தேகிக்க வைக்கும் மாற்றங்கள் வேறு மாதிரி இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கோணங்களில் எஸ்.டி. கோடு தெளிவாக மேலே தூக்கியிருக்கும். அல்லது அரைக் கட்டமோ அதற்கு மேலோ புதிதாகக் கீழே இறங்கியிருக்கும். அல்லது டி அலை ஒரு கட்டத்துக்கு மேல் தலைகீழாகத் திரும்பியிருக்கும். இதயத்தின் ஒரு குறிப்பிட்ட ரத்தக்குழாய் உணவூட்டும் பகுதியோடு அந்தக் கோணங்கள் பொருந்தியும் வரும். உங்கள் தாளில் இவை எதுவும் இல்லை. அதனால்தான் ‘நான் ஸ்பெசிஃபிக்’ என்ற பிரிவில் அது விழுந்தது.

அந்த வரியை எழுதியது ஒரு மருத்துவரும் இல்லை. இன்றைய இசிஜி கருவிகள் அலைகளை அளந்து, தம்முள் பதிந்த அளவுகோல்களோடு ஒப்பிட்டு, தாமாகவே ஒரு கருத்தை அச்சிடுகின்றன. எதையும் விட்டுவிடக் கூடாது என்று அந்த அளவுகோல்களைக் கறாராக வைத்திருக்கிறார்கள். உங்கள் வயது மட்டும் கருவிக்குத் தெரியும். நீங்கள் மூன்று மாடி ஏறி வகுப்பெடுக்கிறீர்கள் என்றோ, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றோ அதற்குத் தெரியாது. பக்கத்திலேயே ‘மருத்துவர் உறுதி செய்யவில்லை’ என்ற பொருளில் இன்னொரு வரியும் பெரும்பாலும் இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

மின்முனைகளை ஒட்டும் இடமும் முக்கியம். வி1, வி2 இரண்டையும் மார்பெலும்பின் இருபுறமும் நான்காவது விலா இடைவெளியில் ஒட்ட வேண்டும். அவசரத்தில் ஓரிரண்டு விலா மேலே ஒட்டிவிட்டால் அந்தக் கோணங்களில் டி அலை தலைகீழாகத் தெரியக்கூடும். பெண்களுக்கு வி4 முதல் வி6 வரை மார்பகத்துக்குக் கீழே, விலாவின் மேல் சரியாக உட்காராவிட்டால் அலையின் உயரம் மாறிவிடும். அதனால்தான் நீங்கள் வந்த அன்று, பழைய தாளை வைத்து முடிவு சொல்லாமல், பத்து நிமிடம் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லி, நானே பக்கத்தில் நின்று இன்னொரு இசிஜி எடுக்க வைத்தேன். அதிலும் டி அலை தட்டையாகவே வந்தது. ஒட்டியதில் பிழை இல்லை, மாற்றம் உண்மையானதுதான் என்று அப்போது உறுதியானது.

உங்கள் விஷயத்தில் தேடியது எப்படி?

அன்று நான் நிறையக் கேள்வி கேட்டேன். நெஞ்சில் அழுத்தம் உண்டா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, இடக்கை, தாடை, தொண்டைப் பக்கம் வலி பரவுகிறதா, மயக்கம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றீர்கள். சர்க்கரை நோய் இல்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது என்றாலும் அது அவருடைய 74-வது வயதில். குடும்பத்தில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ, பெண்களுக்கு 65 வயதுக்கு முன்போ வந்திருந்தால்தான் அதைப் பரம்பரை ஆபத்தாகப் பெரிதாகக் கணக்கில் எடுப்போம்.

அடுத்துக் கேட்டது பழைய இசிஜி. மூன்று வருடத்துக்கு முன் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்காக எடுத்ததை உங்கள் மகள் தேடி எடுத்துவந்தார். இந்த விவகாரத்தில் மிகவும் உதவிய காகிதம் அதுதான். அதில் வி5 கோணத்தில் டி அலை 4 கட்டம் உயரமாக, அழகாக இருந்தது. ஆக, இது பிறவியிலிருந்தே உங்கள் இதயத்துக்கு உள்ள சாயல் இல்லை. இந்த மூன்று வருடத்தில் ஏதோ நேர்ந்திருக்கிறது. பழைய தாளிலும் டி அலை இதேபோலத் தட்டையாக இருந்திருந்தால், என் கவலை அங்கேயே பாதி குறைந்திருக்கும்.

பிறகு மாத்திரைகள். பி.பி.க்கு அம்லோடிபின் 5 மில்லிகிராமோடு குளோர்தாலிடோன் என்ற மாத்திரையும் சாப்பிட்டுவந்தீர்கள். ஆறு மாதத்துக்கு முன் அதன் அளவு 12.5 மில்லிகிராமிலிருந்து 25 ஆகியிருந்தது. இது சிறுநீரை அதிகம் பிரியச் செய்து பி.பி.யைக் குறைக்கும் நல்ல மருந்து. ஆனால் அந்தச் சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியேறும். அளவு கூடக் கூட இழப்பும் கூடும். அதற்கு மேல், பரிசோதனைக்கு முந்தைய வாரம் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்வந்து நான்கு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள். வயிற்றுப்போக்கிலும் பொட்டாசியம் போகும். ஒரே நேரத்தில் இரண்டு வழியாக இழப்பு.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1 என்று வந்தது. வழக்கமான அளவு 3.5 முதல் 5 வரை. தைராய்டு, சிறுநீரகம், மெக்னீசியம் எல்லாம் சரி. ஹீமோகுளோபின் 11.2, சற்றே குறைவு. இந்த மாற்றத்தை விளக்க அது போதாது. எக்கோவில் இதயச் சுவர்கள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அசைந்தன. சுவர் தடிப்பும் இல்லை. பழைய மாரடைப்பின் தழும்பு இருந்திருந்தால் அந்தப் பகுதி அசைவில் மந்தமாகத் தெரிந்திருக்கும்.

இதற்குப் பின் உங்கள் முதல் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தட்டையான டி அலைக்குப் பின்னால், வி3 கோணத்தில் மிகச் சின்னதாக இன்னொரு மேடு இருந்தது. அதற்கு யூ அலை என்று பெயர். ஆரோக்கியமானவர்களுக்கும் சில நேரம் தெரியும். ஆனால் டி அலை தாழ்ந்து யூ அலை தலைகாட்டினால், பொட்டாசியத்தைப் பார் என்று அது சொல்லும். கருவி அதைக் குறிப்பிடவில்லை.

சிகிச்சை எளிமையாக இருந்தது. குளோர்தாலிடோனை நிறுத்தி, பொட்டாசியத்தை வெளியேற்றாத டெல்மிசார்டன் 40 மில்லிகிராமுக்கு மாற்றினோம். பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை, ஐந்து நாள். ஒரு வாரம் கழித்துப் பொட்டாசியம் 4.2. வி5 கோணத்தில் டி அலை மறுபடி 4 கட்டம். மூன்று வருடத்துக்கு முந்தைய தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. காரணத்தை நீக்கியதும் மாற்றம் மறைந்ததே, அதைவிட உறுதியான சான்று வேறில்லை.

உங்களுக்குக் கொடுத்த சிரப்பை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பில் தேங்கும். அளவுக்கு மிஞ்சினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும் அபாயம் உண்டு. பொட்டாசியம் நிறைந்த இளநீரையே அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. நீங்கள் இப்போது சாப்பிடும் டெல்மிசார்டனும் பொட்டாசியத்தைச் சற்றே உயர்த்தும் மருந்துதான். சிரப்பை ஐந்து நாளோடு நிறுத்தச் சொன்னது அதனால்தான்.

டிரெட்மில் டெஸ்ட் ஏன் சொல்லவில்லை?

உங்கள் மகன் போனில் கேட்டார்: “ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துட்டா நிம்மதியா இருக்குமே, டாக்டர்? தேவைப்பட்டா ஆஞ்சியோவும் பார்த்துடலாமே?” நியாயமான கேள்வி. அம்மா மேல் உள்ள அக்கறையில் கேட்டது. அதற்கு ஒரு கணக்கோடு பதில் சொல்கிறேன்.

உங்களைப் போல நெஞ்சு வலி எதுவும் இல்லாத 100 பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 5 பேருக்கு இதய ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடைப்பட்டையில் ஓடவிட்டு எடுக்கும் இசிஜி, அடைப்பு உள்ளவர்களில் தோராயமாக மூன்றில் இரண்டு பேரைக் கண்டுபிடிக்கும். அடைப்பு இல்லாதவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கும் ‘பாசிட்டிவ்’ என்று காட்டும். அப்படியானால் 5 பேரில் 3 பேர் அகப்படுவார்கள். மீதி 95 பேரில் 22, 23 பேருக்கு வீணாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட 25 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் அடுத்து ஆஞ்சியோ வரை போவார்கள். அது கை அல்லது தொடை வழியாகக் குழாய் செலுத்திச் செய்யும் பரிசோதனை. ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடும்போது எஸ்.டி. கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் டிரெட்மில் டெஸ்டில் முடிவு சொல்வோம். பொட்டாசியம் குறைந்த நிலையில் ஓடவிட்டிருந்தால் அந்தக் கோடே நம்பத் தகுந்ததாக இருந்திருக்காது. அன்றே டெஸ்ட் எடுத்திருந்தால், இன்று நீங்கள் இந்தக் கடிதத்துக்குப் பதில் ஆஞ்சியோ அனுமதிப் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இதே டெஸ்ட் வேறொருவருக்கு அவசியமாகலாம். வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று 58 வயதுச் சர்க்கரை நோயாளி ஒருவர் இதே தாளோடு வந்தால் என் வழி வேறாக இருக்கும். அவருக்கு அடைப்பு இருக்கும் வாய்ப்பே அதிகம். அதனால் பாசிட்டிவ் என்று வரும் முடிவுக்கு அங்கே மதிப்பும் அதிகம். டிரெட்மில்லோ, சி.டி. ஆஞ்சியோவோ, வேறு பரிசோதனையோ அவருக்கு நிச்சயம் சொல்வேன்.

அதற்காக அலட்சியமும் கூடாது

உங்கள் கணவர் ஆறுதலுக்காக, “இந்த வரி எல்லாருக்கும் வர்றதுதான், இதைப் பெருசா எடுத்துக்காதே” என்றார். அதையும் முழுவதுமாக ஏற்க மாட்டேன்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த, 40 முதல் 55 வயது வரையிலான ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. அவர்களுக்கு ஆண்டுதோறும் இசிஜி எடுத்தார்கள். பெரிய கோளாறு எதுவும் இல்லாமல், உங்களுக்கு வந்தது போன்ற சிறு மாறுதல் மட்டும் சிலருக்குத் தெரிந்தது. 29 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த மாறுதல் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் இதயநோயால் இறந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இருந்தார்கள். ஆண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது காட்டும் வழி எனக்குப் பயன்படுகிறது. மாறுதல் ஒருமுறை வந்து போகிறதா, அங்கேயே நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலைத்து நின்றால் பி.பி., சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகிய நான்கையும் இன்னும் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு அது மறைந்துவிட்டது. ஆனாலும் பி.பி. இருப்பதால் வருடம் ஒருமுறை இசிஜி எடுத்துப் பார்த்துக்கொள்வோம்.

அலட்சியம் உயிருக்கே ஆபத்தாகும் இடம் இன்னொன்று உண்டு. மாரடைப்பின் தொடக்கத்தில் இசிஜி இதேபோலச் சிறு மாறுதலை மட்டும் காட்டக்கூடும். முற்றிலும் சரியாகவே இருக்கவும் கூடும். உங்கள் இதயம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. பத்து நொடி ஓடும் இசிஜியில் பதிவானது 13 துடிப்புதான். அந்தப் பத்து நொடி முடிந்து அரைமணி நேரத்தில் படம் மாறலாம். அதனால் நெஞ்சு வலியோடு வருபவரின் முதல் இசிஜி ‘நான் ஸ்பெசிஃபிக்’ என்று வந்தால் நாங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இசிஜியைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தை வந்தவுடனும், சில மணி நேரம் கழித்தும் அளப்போம். இரண்டாவது அளவு ஏறியிருந்தால், தாள் என்ன சொன்னாலும் அது மாரடைப்பாக இருக்கலாம் என்றே நடவடிக்கை எடுப்போம்.

ஆகவே நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தமோ இறுக்கமோ பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், குளிர்ந்து வியர்த்துக்கொட்டினாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், காரணம் தெரியாத மூச்சுத் திணறலாகவோ, மேல்வயிற்று எரிச்சலாகவோ, அடித்துப்போட்டது போன்ற அசதியாகவோ மாரடைப்பு வரலாம். வாய்வுப் பிடிப்பு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு விடியும் வரை காத்திருந்து, காலம் கடந்து வருபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். “போன மாசம் இசிஜி எடுத்தேன், ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னார்” என்று இந்தக் கடிதத்தையே காரணம் காட்டி நீங்கள் தாமதித்துவிடக் கூடாது. போன மாதத் தாள் போன மாதத்துக்குத்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

டெல்மிசார்டனையும் அம்லோடிபினையும் விடாமல் சாப்பிடுங்கள். வீட்டில் பி.பி. பார்த்து, வாரம் இரண்டு நாள் காலையில் எழுதி வையுங்கள். புதிய மருந்து தொடங்கியிருப்பதால் இன்னும் மூன்று வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் மறுபடி பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஒரு நாளைக்கு மேல் போனால் எனக்குப் போன் செய்யுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்டனைத் தொடர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். எத்தனை நாள் நிறுத்துவது என்று நான் சொல்கிறேன், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மூன்று இசிஜி தாள்களையும் பத்திரமாக வையுங்கள். இந்தக் காகிதத்தில் மை கிடையாது. சூட்டில் கறுக்கும் பூச்சு பூசிய காகிதம் இது. வெயிலிலும் வெப்பத்திலும் சில வருடத்தில் கோடுகள் வெளுத்துவிடும். பாதுகாப்புக்காக என்று லேமினேட் செய்யக் கொடுத்தால் அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். இன்றே ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வையுங்கள். செல்போனிலும் நேராக, கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பிவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத ஊரில் ஒரு மருத்துவர் உங்களைப் பார்க்க நேர்ந்தால், இந்த மாற்றம் பழையதா புதியதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு உங்கள் மகளால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியும்.

பள்ளிக்குத் தாராளமாகப் போகலாம். மூன்றாவது மாடி வகுப்பையும் விட வேண்டியதில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவோடு வாருங்கள், பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்